கொட்டேஷனுக்கு ‘வேண்டாம்’ என்று ஒரு மெயில்

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் விற்கும் கடை ஒன்று வெப்சைட் போட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வெப் ஏஜென்சிக்காரர்கள் நேரில் வந்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். எந்தப் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்று ஒரு வரைவும் போட்டுத் தருகிறார்கள். இரண்டு நாளில் கொட்டேஷன் வருகிறது. ஆன்லைனில் விற்கும் வசதியோடு முழு வெப்சைட்டுக்கு 1,85,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 33,300 ரூபாய், ஆக மொத்தம் 2,18,300. இந்த விலை 30 நாளைக்குச் செல்லும்.

கடைக்காரர் வீட்டில் உட்கார்ந்து பேசியதில், இந்த வருடம் ஆன்லைன் விற்பனை வேண்டாம், பார்சல் அனுப்ப ஆளில்லை, துணிகளின் படமும் போன் நம்பரும் இருக்கிற பத்துப் பக்க வெப்சைட் போதும் என்று முடிவாகிறது. அதைக் குறைந்த செலவில் முடித்துத் தர ஈரோட்டில் ஒருவர் இருக்கிறார். ஆனால் கோயம்புத்தூர்க்காரர்களின் வேலை பிடித்திருக்கிறது. பின்னால் தேவைப்படுவார்கள்.

இந்த இடத்தில் நம்மில் பலரும் செய்வது, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவது. போன் வந்தால் “பாத்துட்டுச் சொல்றோங்க” என்போம். இதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். ஏஜென்சியில் அதற்கு வேறு கணக்கு. அங்கே விசாரித்த வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு இருக்கும்: கொட்டேஷன் போன தேதி, அடுத்து எப்போது பேச வேண்டும், வேலை கிடைத்ததா, கைவிட்டுப் போனதா, போனால் என்ன காரணம். ‘பாத்துட்டுச் சொல்றோம்’ என்ற பதிலை அதில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. அதனால் வாரா வாரம் போன் வரும். நாமும் எடுக்காமல் விடுவோம். மூன்றாவது மாதம் அந்தப் பெயரே பட்டியலில் இருக்காது.

மெயில் எழுதுகிறவர் இந்தப் பதிவை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வேலை இல்லை, காரணம் இது, அடுத்துப் பேச வேண்டிய மாதம் இது. இந்த மூன்றையும் அவர்கள் நம் மெயிலைப் பார்த்து அப்படியே எடுத்து எழுதிக்கொள்ள முடிய வேண்டும். எதிர்காலத்துக்குக் கதவு திறந்திருக்கிறது என்றால் நடைமுறையில் அவர்களுடைய பட்டியலில் நமக்கென்று ஒரு தேதி இருக்கிறது என்பதுதான். ‘வரும் நாட்களில் இணைந்து பணியாற்ற ஆவலாக உள்ளோம்’ என்ற வரியில் தேதியும் இல்லை, வேலையும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் வேண்டுமானால் நன்றாக இருக்கும்.

நம் கடைக்காரர் இப்படி எழுதலாம்:

> வணக்கம்.
>
> நேரில் வந்து பேசி, கொட்டேஷன் அனுப்பியதற்கு நன்றி. இந்த வேலையை இப்போது உங்களிடம் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறோம்.
>
> ஆன்லைன் விற்பனையை இந்த வருடம் தொடங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். இப்போதைக்குச் சின்ன வெப்சைட் ஒன்று மட்டும் போடுகிறோம். அதை வேறொருவரிடம் கொடுத்திருக்கிறோம். நீங்கள் போட்டுத் தந்த பக்க வரைவு எங்களிடமே இருக்கிறது. அதை அவரிடம் கொடுக்கவில்லை.
>
> மொத்த வியாபாரிகள் லாகின் செய்து ஆர்டர் போடும் வசதியை அடுத்த ஜூன் மாதம் செய்யலாம் என்றிருக்கிறோம். அப்போது உங்களிடமும் புதிதாகக் கொட்டேஷன் கேட்போம். நீங்கள் காட்டிய ஸ்டாக் கணக்கு முறை எங்களுக்குப் பிடித்திருந்தது.
>
> இப்படிக்கு,

மறுப்பு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. அதைக் கடைசிக்குத் தள்ளினால், படிக்கிறவர் மேலே உள்ள பாராட்டை எல்லாம் வேலை கிடைத்ததற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்வார்.

காரணம் சொல்வதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘உங்கள் விலை எங்களுக்கு அதிகம்’ என்று மட்டும் எழுதினால் விற்கிறவர் காதில் அது பேரமாகவே விழும். “நீங்க எவ்வளவு எதிர்பார்க்குறீங்க சார்?” என்று அடுத்த மணி நேரத்தில் பதில் வந்தால், நம் மெயில் மறுப்பாகப் போய்ச் சேரவில்லை என்று புரிந்துகொள்ளலாம். உண்மையிலேயே விலை மட்டும்தான் தடை, குறைத்தால் கொடுத்துவிடுவோம் என்றால் மறுப்பு மெயில் எதற்கு? நேராகப் பேரம் பேசிவிடலாம். இங்கே மாறியது வேலையின் அளவு. அதைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிகிறது.

பொய்க் காரணம் இந்தத் துறையில் நிற்காது. ‘வெப்சைட் யோசனையையே கைவிட்டுவிட்டோம்’ என்று எழுதிவிட்டு இரண்டு மாதத்தில் வெப்சைட் வந்தால், பக்கத்தின் அடியில் செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடிப் பார்ப்பது ஏஜென்சிக்காரர்களின் பழக்கம். அதற்காக ஈரோட்டுக்காரர் கேட்ட தொகையை எழுத வேண்டியதில்லை. “எவ்வளவுக்கு முடிச்சீங்க?” என்று கேட்டால், “வேலையே சின்னதுங்க, ஒப்பிட முடியாது. அவர் விலையைச் சொல்றது அவருக்கும் நல்லா இருக்காது” என்று சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாளைக்கு நம் விலையையும் இவர் வெளியில் சொல்ல மாட்டார் என்று அவர்களுக்கும் படும்.

பக்க வரைவைப் பற்றிய வரி சிலருக்கு அதிகப்படியாகத் தோன்றலாம். எனக்கு இந்த மெயிலிலேயே முக்கியமான வரி அதுதான். கொட்டேஷனோடு வரும் வரைவு, காசு வாங்காமல் செய்து கொடுத்த வேலை. அதை எடுத்து விலை குறைவாகச் சொன்னவரிடம் கொடுத்து ‘இதே மாதிரி பண்ணுங்க’ என்பது அடிக்கடி நடக்கிறது. கொடுக்கவில்லை என்று எழுதுகிறவர், உண்மையிலேயே கொடுக்காமல் இருந்தால்தான் எழுத முடியும்.

‘புதிதாகக் கொட்டேஷன் கேட்போம்’ என்பதும் யோசித்து எழுதியதுதான். கொட்டேஷன் அனுப்புவது, பெரும்பாலும், இந்த விலைக்குச் செய்து தருகிறேன் என்று ஒருவர் முன்வருவது. நாம் மறுத்துவிட்டால் அது அத்தோடு முடிந்தது. 30 நாள் கெடு இன்னும் மீதியிருக்கிறது என்று இருபத்தைந்தாம் நாள் திரும்பிப் போய் அதே 1,85,000-க்குச் செய்யுங்கள் என்று உரிமையோடு கேட்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஒருவர் முன்வைத்ததை அப்படியே, நிபந்தனை இல்லாமல் ஏற்றால்தான் ஏற்பு என்கிறது. 1840-இல் இங்கிலாந்தில் ஹைட் என்பவர், 1,000 பவுண்டுக்குச் சொன்ன பண்ணையை 950-க்குக் கேட்டார். மறுத்ததும், சரி 1,000-க்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார். 950 கேட்டபோதே முதல் விலை ரத்தாகிவிட்டது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, ஈரோட்டுக்காரரிடம் பேசி முடித்து, முன்பணம் கொடுத்து, அவர் வேலையை உறுதிப்படுத்திய பிறகே கோயம்புத்தூருக்கு மறுப்பு மெயில் போக வேண்டும். அதே சமயம் அந்த 30 நாளைத் தாண்டவும் கூடாது.

மெயிலைப் புதிதாகத் தொடங்காமல், கொட்டேஷன் வந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புவது நல்லது. வந்து பேசியவர், கொட்டேஷன் போட்டவர், அவர்கள் மேலாளர் என்று அதில் யார் யார் இருந்தார்களோ எல்லாருக்கும் போக வேண்டும். விற்பனைப் பிரிவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஜூன் மாதம் அதே மெயிலின் கீழ் ‘அன்று சொன்ன மொத்த வியாபார வேலையைத் தொடங்குகிறோம், கொட்டேஷன் அனுப்புங்கள்’ என்று எழுதினால், புதிதாக வந்த ஆளுக்கும் கீழே பழைய பேச்சு முழுவதும் படிக்கக் கிடைக்கும். ஜூனில் அந்த வேலையும் தள்ளிப்போனால், அதையும் அதே இடத்தில் இரண்டு வரி எழுதிப் புது மாதத்தைச் சொல்லிவிடலாம்.