துணியே திரியாகும்போது

மும்பை மாட்டுங்காவில் ஓர் அடுக்குமாடி வீடு. நவராத்திரி மாலை. கொலுவின் முன் 3 அடி உயரக் குத்துவிளக்கு. அகலை ஒட்டினாற்போல் தண்டில் ஒரு சரிகைத் துண்டு. விளக்கேற்றி ஒன்றரை மணி நேரத்தில் துணியின் மேல்விளிம்பு புகையத் தொடங்கியது. இத்தனைக்கும் சுடர் அதைத் தொடவே இல்லை.

குற்றவாளி எண்ணெய். திரி வழியாகக் கசியும் எண்ணெய் அகலின் அடிப்புறமாக ஊர்ந்து தண்டில் இறங்குகிறது. அதை உறிஞ்சிய துணி இன்னொரு திரியாகிவிடுகிறது. கருகிய திரியிலிருந்து ஒரு பொறி உதிர்ந்தால் போதும்.

எனவே துணியின் இடம் பீடத்தை ஒட்டிய பகுதிதான். பருத்தியே நல்லது, நைலான் உருகி ஒட்டிக்கொள்ளும். அகலில் முக்கால் பங்கு எண்ணெய் போதும். ஏற்றும் முன் அகலின் அடியைத் துடைத்துவிட வேண்டும். பூச்சரத்தையும் தண்டின் கீழ்ப்பாதியில் சுற்றலாம். உச்சி அன்னத்திலிருந்து தொங்கும் சரம் வெப்பத்தில் காய்ந்து சுடரில் விழும்.

துலக்கிய பின் மரைகளை இறுக முடுக்குவது முக்கியம். வெறும் விளக்கின் உச்சியை விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தால், ஆட்டம் எந்த மூட்டில் என்று தெரிந்துவிடும். மணல் பரப்பிய அகலத் தாம்பாளத்தில் நிறுத்தினால் பீடம் வழுக்காது. திரைச்சீலையும் மின்விசிறியும் எட்டவே இருக்கட்டும். பட்டுப்பாவாடைச் சிறுமிகள் நடக்கும் வழியிலும் விளக்கு வேண்டாம்.

படுக்கப் போகுமுன் மலையேற்றிவிடுங்கள்.