எந்த வரியை எடுக்கலாம்?

மெட்டுக்கு முன்னாடியே எழுதிவிட்ட பாட்டில் இடையிசைக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. ஒரு குறும்படத்துக்கு நான் எழுதியதை வைத்தே கணக்குப் பார்ப்போம்.

பல்லவி 4 வரி, சரணம் இரண்டும் எட்டெட்டு வரி. ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு பல்லவியில் 2 வரி திரும்ப வரும். ஆக 24 வரி. வரிக்கு 5 விநாடி என்றால் 120 விநாடி. முன்னிசை 20, இடையிசை இரண்டும் சேர்த்து 60. மொத்தம் 200. கையில் இருப்பதோ 3 நிமிஷம்தான். அதனால் 4 வரி போகணும்.

இரண்டு சரணத்துக்கும் ஒரே மெட்டு. அதனால் இரண்டிலும் ஒரே இடத்தில், எதுகை ஜோடி பிரியாமல் இரண்டிரண்டு வரி எடுக்கணும். முதல் ஜோடி ஆளையும் இடத்தையும் சொல்கிறது. கடைசி ஜோடி பல்லவிக்குக் கொண்டுபோய் விடுகிறது. மிச்சம் நடு நாலு வரி. முதல் சரணத்தில் 3, 4 பஸ் ஸ்டாண்ட் இரைச்சல். 5, 6 மகன் வராத சேதி. இரைச்சலை இசையே சொல்லிவிடும், சேதியைச் சொல்லாது. எனவே 3, 4 போச்சு.

இரண்டாம் சரணத்தில் அதே இடத்தில்தான் அம்மா முந்தானையில் முடிந்த சில்லறை இருந்தது. அதை விட மனசில்லை. சந்தம் ஒத்துவந்ததால் 5, 6க்கு நகர்த்தினேன். அங்கிருந்த வானமும் நிலவும் போயின.

வெட்டிய பிறகு வினையெச்சத்தைப் பாருங்க. இரண்டாம் வரி ‘நின்று’ என முடிந்தது. அதன் வினைமுற்று நாலாம் வரியோடு போய்விட்டதால், நின்றது மகன் என்று ஆகிவிட்டது. ‘நின்றாள்’ என மாற்றினேன். இரண்டும் தேமாதான், மெட்டு அசையவில்லை.