காதால் கேட்கும் பின்னம்

நிகரகுவாவில் 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய வானொலிக் கணிதத் திட்டத்தில், கேள்வி கேட்டதும் வானொலி சற்றுப் பேச்சை நிறுத்தும். அந்த இடைவெளிக்குள் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். இணையம் இல்லாத பிள்ளைக்குப் பின்னம் கற்பிக்கும் உரையையும் அப்படியே எழுதலாம்.

"ஒரு தாளைச் சரிபாதியாக மடி." மடிக்கக் கை வேலை உண்டு, ஆகவே 20 விநாடி இடைவெளி. "இன்னொரு முறை மடி. இப்போது விரி. எத்தனை கட்டங்கள்?" எண்ண 5 விநாடி போதும். "நான்கு. ஒரு கட்டம் கால் பங்கு. அரைத் தாள் பெரிதா, கால் தாள் பெரிதா?" இங்கே 10 விநாடியாவது வேண்டும்.

இரண்டைவிட நான்கு பெரிது என்பதால் பல பிள்ளைகள் 'கால்' என்பார்கள். பதில் வானொலிக்குக் கேட்காது. அதனால் எழுதுபவர் அந்தத் தவறை முன்பே ஊகித்து அடுத்த வரியை அமைக்க வேண்டும்: "கால் என்று சொன்னாயா? ஒரு கட்டத்தைத் தொடு. இப்போது இரண்டு கட்டங்களைச் சேர்த்துத் தொடு. எது பெரிது?" வெறுமனே "அரைதான் சரி" என்றால், தவறாகச் சொன்ன பிள்ளைக்குக் காரணம் தெரியாது.

இடைவெளி முழு மௌனமானால் நிலையம் நின்றுவிட்டதென்று பெட்டியைத் திருகுவார்கள். மெல்லிய தாள ஒலி ஓடட்டும். பின்னத்தை எழுதும் முறையையும் சொல்லியே காட்ட வேண்டும்: "ஒரு கோடு போடு. மேலே 1, கீழே 4."