பெட்டியில் வாங்கி, மாத்திரையில் விற்பது

மருந்துக்கடைக்குச் சரக்கு பெட்டி பெட்டியாக வருகிறது. கல்லாவில் கேட்பவரோ "நாலு மாத்திரை கொடுங்க" என்கிறார். மொத்த வியாபாரியின் பில்லில் 10×15 என்று போட்டிருந்தால், ஒரு பெட்டிக்குள் 10 அட்டை, ஒவ்வோர் அட்டையிலும் 15 மாத்திரை என்று பொருள். அப்படி 3 பெட்டி வாங்கினால் இருப்பில் ஏற வேண்டியது 450 மாத்திரை.

கணக்கை எந்த அளவில் வைப்பது என்பதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. விற்பனையாகும் மிகச் சிறிய அளவே அடிப்படை அளவாக இருக்க வேண்டும். அட்டைக் கணக்கில் வைத்தால் ஒரு மாத்திரை என்பது 0.0666… அட்டை. கம்ப்யூட்டர் அதை 0.07 என்று முழுமையாக்கினால், 15 மாத்திரை உதிரியாக விற்றதும் 1.05 அட்டை கழிந்திருக்கும். 20 அட்டையை இப்படி உதிரியாக விற்று முடித்தால் 21 அட்டை போனதாகக் கணக்கு காட்டும். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் கணக்கு இடிக்கும்.

மாத்திரைக் கணக்கில் பின்னமே வராது. 450-இல் 13 விற்றால் மீதி 437. அதை அலமாரியோடு ஒப்பிட 150-ஆல் வகுத்தால் 2 பெட்டி, மீதி 137-ஐ 15-ஆல் வகுத்தால் 9 அட்டை, உதிரி 2 மாத்திரை. பெட்டி, அட்டை என்பவை திரையில் காட்டுவதற்கு மட்டுமே. கழிவது எப்போதும் மாத்திரையில்.

உண்மையான தொல்லை, கம்பெனி அட்டையின் அளவை மாற்றும்போது வருகிறது. 15 மாத்திரை அட்டை சத்தமில்லாமல் 10 ஆகிவிடும். மருந்தின் பெயரும் பெட்டியின் நிறமும் அப்படியே இருக்கும். பழைய பழக்கத்தில் 4 பெட்டிக்கு 600 என்று பதிந்தால், கையில் இருப்பது 400தான். இல்லாத 200 மாத்திரை கணக்கில் உட்கார்ந்திருக்கும். அடக்க விலையும் கெடும்: 300 ரூபாய் பெட்டியில் மாத்திரை 3 ரூபாய் அடங்க, கணக்கு 2 ரூபாய் என்று காட்டும். அதற்காக மருந்தின் பெயருக்கு நேரே உள்ள 15-ஐ 10 என்று மாற்றுவதும் சரியல்ல. பழைய அட்டைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை விற்றால் 15 கழியாமல் 10தான் கழியும். அட்டைக்கு எத்தனை என்ற எண்ணை ஒவ்வொரு பேட்ச்சோடும் சேர்த்துப் பதிவதே வழி.

இருப்பு எடுக்கும்போது வரும் வித்தியாசமே பல சமயம் காரணத்தைச் சொல்லிவிடும். குறைவது 50, 100, 200 என்று ஐம்பதின் மடங்காக இருந்தால் 10×10 பெட்டியை 10×15 என்று ஏற்றியிருக்கலாம். சரியாக 135 கூடுதலாக இருந்தால், ஒரு பெட்டியை ஒரே அட்டையாகப் பதிந்தார்களா என்று பார்க்க வேண்டும். 7, 11 என்று ஒழுங்கில்லாத எண் வந்தால் அளவு மாற்றத்தில் தேடிப் பயனில்லை. பில் போடாமல் கொடுத்தது, உடைந்தது, வேறு மருந்தின் பெயரில் பில் போட்டது ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சரக்கு வந்ததும் ஒரு பெட்டியைத் திறந்து, ஓர் அட்டையை எண்ணிப் பார்த்த பிறகே பில்லைப் பதிய வேண்டும்.