"ஆடி வரட்டும், எடுத்துக்கலாம்"

ஆனி மாதக் கடைசியில் எந்த ஜவுளிக்கடையிலும் இந்தப் பேச்சு காதில் விழும். சேலையைப் பிரித்துப் பார்த்து, விலையும் ஒத்துவந்து, பில் போடப் போகும் மகளை அம்மா தடுப்பார்: "இப்ப எடுக்காதடி. பத்து நாள்ல ஆடி வந்துடும்." கடைக்காரருக்கும் அது கேட்கும். ஆனால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் வருடா வருடம் அப்படிப் பழக்கியவரே அவர்தான்.

ஆடித் தள்ளுபடிக்கு நியாயமான காரணம் உண்டு. அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் படுத்துவிடும். தீபாவளிக்குப் புதுச் சரக்கு இறக்க இடமும் வேண்டும், கையில் பணமும் வேண்டும். 38, 40 சைஸ் தீர்ந்து 44 மட்டும் தேங்கி நிற்கும் சட்டையை அசல் விலைக்கே தள்ளினாலும் லாபம்தான். முடங்கிக் கிடந்த முதல் திரும்பி வருகிறதே! புதுச் சரக்கையும் சேர்த்துத் தள்ளுபடியில் வைக்கும்போதுதான் வினை தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 ரூபாய்க்கு வாங்கிய சட்டையைக் கடைக்காரர் 1,000 ரூபாய்க்கு விற்கிறார். சட்டைக்கு 400 ரூபாய் நிற்கும். 20 சதவீதம் தள்ளுபடி என்றால் விலை 800, நிற்பது 200 மட்டுமே. அதாவது விலை குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு, லாபம் குறைந்தது பாதி. பழைய லாபம் கிடைக்க இரண்டு மடங்கு சட்டை விற்க வேண்டும்.

சாதாரணமாக வாரம் 100 சட்டை போகும் கடை என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி வாரத்தில் 180 போகிறது. கடையில் நிற்க இடமில்லை, முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் அதற்கு முந்தைய வாரம் 'தள்ளுபடி வரட்டும்' என்று சிலர் காத்திருந்ததால் 80தான் போனது. பிந்தைய வாரம், வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்துவிட்டதால் 60. மூன்று வாரத்தையும் சேர்த்தால் 320 சட்டை, 92,000 ரூபாய். தள்ளுபடியே இல்லாமல் இருந்திருந்தால் 300 சட்டை, 1,20,000 ரூபாய். கூடுதலாக விற்ற 20 சட்டைக்குக் கடை கொடுத்த விலை 28,000 ரூபாய். கூட்டம் நிறைந்த அந்த ஒரு வாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நஷ்டம் தெரியவே தெரியாது. சில மணி நேரமே நீடிக்கும் ஆன்லைன் 'ஃப்ளாஷ் சேல்'களுக்கும் இதே கணக்குதான்.

இந்தப் பழக்கம் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைகள் சாட்சி. 2011ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 590 தள்ளுபடி விற்பனைகள் நடந்தன. முழு விலைக்கு விற்ற பொருள்களிலிருந்து வந்த வருமானம் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆப்பிள் கடைகளை வளர்த்தெடுத்த ரான் ஜான்சன் அங்கே தலைவராக வந்து, 2012 பிப்ரவரியில் கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடிகளையும் நிறுத்தினார். பதிலாக, ஒட்டியிருந்த விலையையே வெகுவாகக் குறைத்தார். வாடிக்கையாளர் கையிலிருந்து போகும் பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தும் கூட்டம் வரவில்லை. அடித்த பெரிய விலையும் பக்கத்தில் 'பாதி விலை' என்ற சீட்டும் இருந்தால்தான் அவர்களுக்கு வாங்கிய திருப்தி. ஒரே வருடத்தில் விற்பனை கால்வாசி சரிந்தது. 2013 ஏப்ரலில் ஜான்சன் வெளியேற்றப்பட்டார். கடை பழையபடி விலையை ஏற்றி, பிறகு குறைத்துக் காட்டத் தொடங்கியது.

சரிவுக்கு விலை மட்டுமே காரணம் இல்லை. பழைய வாடிக்கையாளர் விரும்பிய துணி வகைகளையும் அவர் மாற்றினார். ஆனாலும் பெரிய தவறு, பல ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் அறுத்ததுதான். சில கடைகளில் முதலில் செய்து பார்க்காமல், ஏறக்குறைய 1,100 கடைகளிலும் ஒரே நேரத்தில் இறங்கினார்.

நம் ஊர்க் கடைக்காரர் தன் நிலையைத் தெரிந்துகொள்ள பில் புத்தகமே போதும். வருட விற்பனையில் முழு விலைக்குப் போனது எவ்வளவு என்று வருடா வருடம் பார்க்க வேண்டும். அந்தப் பங்கு தேய்ந்துகொண்டே வந்தால் வாடிக்கையாளர் காத்திருக்கப் பழகிவிட்டார் என்று அர்த்தம். ஆடிக்கு முந்தைய இரண்டு வாரங்கள் மற்ற மாதங்களைவிட மிகவும் மந்தமாக இருந்தாலும் அதே அறிகுறிதான்.

மீள்வதும் மெதுவாகத்தான் நடக்க வேண்டும். முதல் வருடம் புதுச் சரக்கைத் தள்ளுபடியிலிருந்து எடுத்துவிடலாம். சைஸ் உடைந்தது, போன சீசன் டிசைன் ஆகியவற்றை மட்டும் தனி ரேக்கில் வைத்து, தீர்ந்ததும் அந்த ரேக்கையே எடுத்துவிட வேண்டும். அடுத்த வருடம், ஆடி தவிர மற்ற தள்ளுபடிகளின் தேதியை மாற்றி மாற்றி வைக்கலாம். எப்போது வரும் என்று தெரியாத தள்ளுபடிக்காக யாரும் சேலையை மடித்து வைத்துவிட்டுப் போவதில்லை.