தளம் போடும் முன் எழுத வேண்டிய வரிகள்

கான்கிரீட் போட்ட அன்று எல்லாத் தளமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். உப்புத் தண்ணீரில் கலந்ததும் நல்ல தண்ணீரில் கலந்ததும் பார்வைக்கு ஒன்றே. வித்தியாசம் தெரியச் சில வருடங்கள் ஆகும். முதலில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக ஒரு விரிசல் விழும், பிறகு அதில் பழுப்புக் கறை கசியும். சுத்தியலால் தட்டினால் ‘டொப்’பென்று வெற்றுச் சத்தம் வரும். கம்பியில் ஏறும் துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். அதற்குள் காண்ட்ராக்டர் பத்து வீடு தாண்டியிருப்பார், இன்ஜினியருக்கு அந்த வீட்டின் வரைபடமே மறந்திருக்கும். ‘அன்னைக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, தளம் போடுவதற்கு முன் சைட்டில் நடந்த கூட்டத்தின் குறிப்பு ஒன்றுதான் மிஞ்சும். அதுவும் எழுதியிருந்தால்தான்.

மரக்காணம் கடற்கரையில் இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். எக்கியார்குப்பம் மாதிரி மீனவர் ஊரில் உப்புக் காற்றுக்குக் கதவடைக்க முடியாது. ‘மினிட்ஸ்’ எனப்படும் கூட்டக் குறிப்பைப் பெரிய கம்பெனிகளின் சடங்கு என்று நினைப்பவர்களுக்காக, இங்கே 800 சதுர அடியில் ஒரு வீட்டை உதாரணமாகக் கட்டிப் பார்ப்போம். வீட்டுக்காரர் மீனவர், இன்ஜினியர் திண்டிவனத்துக்காரர், காண்ட்ராக்டர் உள்ளூர். மூவரும் கற்பனை மனிதர்கள். அவர்கள் பேசப்போகும் விஷயங்கள் கற்பனையல்ல. தூண்கள் எழும்பிவிட்டன, சென்ட்ரிங் அடிக்க வேண்டும். 2026 ஜனவரி 8, வியாழக்கிழமை காலை, சைட்டில் கூட்டம்.

காண்ட்ராக்டர்தான் ஆரம்பிக்கிறார். “அண்ணே, பொங்கலுக்கு முன்னாடி தளத்தைப் போட்டுட்டா நிம்மதி. திங்கக்கிழமை போட்டுரலாம்.” வீட்டுக்காரருக்கும் அதுவே ஆசை. இன்ஜினியர் கேட்கிறார்: “பொங்கல் நாலஞ்சு நாள் ஆளுங்க ஊருக்குப் போயிடுவாங்க. தளத்துக்கு யாருங்க தண்ணி கட்டுவாங்க?” யாரும் பதில் சொல்லவில்லை. நம் ஊரில் இப்படி ஒரு மௌனத்துக்குப் பிறகு ‘அதெல்லாம் பாத்துக்கலாம்’ என்று பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். நல்ல குறிப்பு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. “தளம் போடும் நாள் ஜனவரி 22, வியாழன். காரணம்: பொங்கல் விடுமுறையில் நீராற்ற ஆள் இல்லை.” காரணத்தையும் சேர்த்து எழுதுவது முக்கியம். பத்து நாள் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று மார்ச் மாதத்தில் சண்டை வந்தால் அந்த ஒரு வரி தீர்த்துவைக்கும்.

அடுத்தது வரைபடம். ஒப்பந்தத்தோடு கொடுத்தது உள்நாட்டு ஊர்களுக்குப் போடும் வழக்கமான வரைபடம்: 5 அங்குலத் தளம், எம் 20 கான்கிரீட், கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 (2000), கடலோரச் சூழலைக் ‘கடுமையானது’ என்ற வகையில் வைக்கிறது. அங்கே குறைந்தபட்சம் எம் 30 கான்கிரீட், 45 மில்லிமீட்டர் கவர். உப்புக் காற்று நேராகப் படாமல் மறைவாக இருக்கும் பரப்புகளை மட்டும் ஒரு படி இறக்கி, 30 மில்லிமீட்டர் கவர் போதும் என்கிறது. காண்ட்ராக்டர் இதைப் பிடித்துக்கொள்கிறார். “உள்ளே பூச்சு வரும் சார், முப்பது போதுமே.” நியாயமான வாதம்தான். ஆனால் கடலைப் பார்த்த ஜன்னல்கள் நாள் முழுக்கத் திறந்திருக்கும் வீடு இது. உள்ளே, வெளியே என்ற பேதம் காற்றுக்குத் தெரியாது என்று இன்ஜினியர் 45-ஐயே முடிவு செய்கிறார். அது அவருடைய தொழில் முடிவு, அதனால் அவர் பெயரில் காரணத்தோடு பதிவாக வேண்டும்.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். கவரைக் கூட்டச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டால் தளம் பலவீனமாகும். 125 மில்லிமீட்டர் தளத்தில் 20 கவர் வைத்தால், தளத்தின் மேல் பரப்பிலிருந்து கம்பியின் நடுவரை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் ஆழம் கிடைக்கும். சுமையைத் தாங்குவது அந்த ஆழம்தான். கவரை 45 ஆக்கினால் அது 75 ஆகிவிடும், அதாவது கால் பங்கு போய்விடும். துருவிலிருந்து காப்பாற்றப் போய்த் தளத்தைத் தொய்ய விட்ட கதை. ஆகவே தளம் 6 அங்குலமாகத் தடிக்க வேண்டும். தடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல் எடை கூடும், அதை பீம், தூண், ஏற்கெனவே போட்டுவிட்ட அஸ்திவாரம் எல்லாம் தாங்குமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். “45 மி.மீ. கவர் வைக்கவும்” என்று மட்டும் எழுதிய குறிப்பு ஆபத்தானது. எழுத வேண்டியது இது: “45 மி.மீ. கவரோடு 150 மி.மீ. தளத்துக்குத் திருத்திய வரைபடம், பீம் முதல் அஸ்திவாரம் வரை எடைச் சரிபார்ப்பு. பொறுப்பு: இன்ஜினியர். கெடு: ஜனவரி 12. அது கைக்கு வரும்வரை கம்பி வெட்டக் கூடாது.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். கெடு தவறினால் என்ன நிற்கும் என்று சொல்லாத கெடு வெறும் விருப்பம். ‘வரைபடம் சீக்கிரம் தரப்படும்’ என்பதைவிட, கம்பி வெட்டும் ஆட்கள் காத்திருப்பார்கள் என்ற நினைப்பே இன்ஜினியரை மேசையில் உட்கார வைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் வாக்குவாதம் கூடுகிறது. மனையில் போர் இருக்கிறது, வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கிறது. “வீட்டுல இதைத்தானே புழங்குறோம்” என்கிறார் வீட்டுக்காரர். டேங்கர் தண்ணீர் எடுப்பதாகக் காண்ட்ராக்டர் சொல்கிறார். டேங்கர் எந்தக் கிணற்றில் நிரம்புகிறது என்பது டிரைவருக்குத்தான் தெரியும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் குளோரைடு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த எல்லையை நாக்கு அளக்காது, பரிசோதனைக்கூடம்தான் அளக்கும். “நல்ல தண்ணீர் பயன்படுத்த வேண்டும்” என்று எழுதினால் மூவரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள், ஏனென்றால் அது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. மாறாக: “டேங்கர் நிரப்பும் கிணறு, மனையின் போர் இரண்டிலும் மாதிரி எடுத்துப் பரிசோதனை அறிக்கை தருவது காண்ட்ராக்டர். கெடு ஜனவரி 19. குளோரைடு 500-க்குள் என்று இன்ஜினியர் கையெழுத்திட்ட பிறகே கான்கிரீட். நீராற்றவும் அதே தண்ணீர்.” கடைசிச் சொற்களை விட்டுவிட்டால், நல்ல தண்ணீரில் கலந்த தளத்தின் மேல் இரண்டு வாரம் கரிப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும். அப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது, காரணம் டேங்கருக்குக் காசு.

தண்ணீரின் அளவு இன்னொரு சண்டை. பழைய கலவை விகிதத்தில் எம் 20-க்கு மூட்டைக்கு 30 லிட்டர் வரை அனுமதி உண்டு. கடலோர எம் 30-க்கு சிமென்ட் எடையில் 0.45 பங்குதான், அதாவது 50 கிலோ மூட்டைக்கு மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து 22.5 லிட்டர். “இவ்வளவு தண்ணியில கலவை ஓடாது சார்” என்று காண்ட்ராக்டர் சொல்வது உண்மைதான். ஓடவைக்க பிளாஸ்டிசைசர் சேர்க்க வேண்டும், விகிதத்தை சோதனைக் கலவை போட்டு முடிவு செய்ய வேண்டும். அதை எழுதாமல் 22.5 என்று மட்டும் எழுதினால், கான்கிரீட் போடும் அன்று கொத்தனார் ஒரு பக்கெட் கூடுதலாக ஊற்றுவார். அவரைக் குறைசொல்ல முடியாது, கெட்டிக் கலவையை மல்லுக்கட்டித் தள்ளுவது அவர் தோள்தான்.

இனி பணம். தளம் தடித்ததால் கூடுதல் கான்கிரீட் கிட்டத்தட்ட 1.9 கன மீட்டர், அதோடு கலவை மாற்றம், டேங்கர், பரிசோதனைக் கட்டணம். பேச்சில் ‘பார்த்துச் செய்யலாம்’ என்று முடிந்துபோகும் இடம் இது. குறிப்பில், 14-ஆம் தேதிக்குள் காண்ட்ராக்டர் அளவும் தொகையும் எழுதித் தர வேண்டும், 18-க்குள் வீட்டுக்காரர் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும் என்று வரட்டும். வீட்டுக்காரர் பெயரில் ஒரு கெடுவும் இல்லாத குறிப்பை நான் நம்புவதில்லை. அது மினிட்ஸ் இல்லை, குற்றப்பத்திரிகை.

கான்கிரீட் மொத்தம் 13 கன மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால் தர நிர்ணயப்படி இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். 28 நாள் முடிவு வருவது பிப்ரவரி 19. காண்ட்ராக்டரோ தளம் போட்ட மறு வாரம் பில் நீட்டுவார், அவருக்கும் கூலி கொடுக்க வேண்டுமே. அதற்கும் முடிவு இப்போதே வேண்டும்: தளத்துக்கான தவணையில் ஒரு பங்கு கியூப் முடிவு வரும்வரை நிறுத்தப்படும், எவ்வளவு என்ற தொகையோடு. நீராற்றுவது பிப்ரவரி 5 வரை, பொறுப்பு என்று காண்ட்ராக்டரின் ஆட்களில் ஒருவர் பெயர் வேண்டும். ‘காண்ட்ராக்டர் தரப்பு’ என்று எழுதினால் தை மாத வெயிலில் மாடிப்படி ஏறப் போவது யாரும் இல்லை.

இதையெல்லாம் பிறகு வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்யலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சைட்டிலேயே கார்பன் வைத்து எழுதி, மூவரும் படித்து, கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்வதுதான் சின்ன வேலைகளுக்குச் சரி. கையெழுத்து ‘வந்திருந்தேன்’ என்பதற்கா, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்கா என்று மேலே ஒரு வரி இருக்கட்டும், பிற்காலத் தகராறு பாதி அங்கேதான் கிளம்புகிறது. அடுத்த கூட்டம் பழைய குறிப்பில் முடியாத வரிகளோடு தொடங்க வேண்டும். எண் மாறக் கூடாது: தண்ணீர் அறிக்கை 3-ஆம் எண் என்றால் அது முடியும்வரை 3-தான். தவறிய கெடுவை அழிக்காமல் பக்கத்தில் புதுத் தேதி எழுதினால், யாருடைய வேலை எத்தனை முறை தள்ளிப்போனது என்று காகிதமே சொல்லும்.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைப் பாருங்கள். கெடுவுக்குள் முடிப்பதே ஒப்பந்தத்தின் உயிர் என்று இருக்கும்போது, தாமதமாக முடிந்த வேலையை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டால் அந்தத் தாமதத்துக்காகப் பிறகு நஷ்டஈடு கேட்க முடியாது. கேட்கும் எண்ணம் இருந்தால் ஏற்கும்போதே அறிவிக்க வேண்டும். “தாமதத்தால் வந்த வாடகைச் செலவைக் கோரும் உரிமையோடு ஏற்கிறேன்” என்று குறிப்பில் ஒரு வரி எழுதி, காண்ட்ராக்டரும் பிரதி வாங்கிக்கொண்டால் அந்த அறிவிப்புக்குச் சாட்சி இருக்கும். வாட்ஸ்அப் குரல் பதிவை மட்டும் நம்ப வேண்டாம். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. கையெழுத்திட்ட காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒரு வரம்பும் உண்டு. குறிப்பு தானாகவே ஒப்பந்தத்தை மாற்றிவிடாது. மாற்றங்களுக்குத் தனியாக எழுத்து உத்தரவு வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தம் சொன்னால், குறிப்போடு அந்த உத்தரவும் வேண்டும். ஆகவே வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் முத்திரைத்தாளில் கையெழுத்திடும் முன் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள்: மூவரும் கையெழுத்திட்ட சைட் கூட்டக் குறிப்பு இந்த ஒப்பந்தத்தின் பகுதியாகும். அதற்குச் சம்மதிக்காத காண்ட்ராக்டரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.