எடை அப்படியே இருக்க, தொப்பை குறையுமா?

ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதமாகியும் எடை மெஷினில் முள் நகரவில்லை என்றால் பலர் அன்றோடு நின்றுவிடுகிறார்கள். நின்றவர்களில் சிலருக்கு வேலை சரியாகத்தான் நடந்துகொண்டிருந்திருக்கும். கொழுப்பு இரண்டு கிலோ கரைந்து, தசை இரண்டு கிலோ ஏறினால் மெஷின் காட்டப்போவது பழைய எண்ணைத்தான்.

உடல் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவுக்குச் சாப்பிட்டு, வெயிட் தூக்கி, இந்த மாற்றத்தை வரவைக்கலாம். புதிதாக வெயிட் தூக்குபவர்களுக்கும், விட்டுவிட்டுத் திரும்ப வருபவர்களுக்கும், கொஞ்சம் தொப்பை உள்ளவர்களுக்கும் இது நன்றாகக் கைகொடுக்கும். பல வருடம் தூக்கி, ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் இதை நம்பிக் காத்திருப்பது பெரும்பாலும் வீண்.

முப்பத்தாறு வயது வங்கி ஊழியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எடை 78 கிலோ, தொப்புள் மட்டத்தில் சுற்றளவு 97 செ.மீ. முதல் வேலை, எவ்வளவு சாப்பிட்டால் எடை நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. இதற்கு இணையத்துக் கணக்குகளைவிட அவருடைய நோட்டுப் புத்தகமே மேல். வழக்கமாகச் சாப்பிடுவதை எண்ணெய், டீ, மிக்சர் உட்பட எழுதிவைக்கிறார். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து, ஏழு நாளுக்கும் சராசரி எடுக்கிறார். இரண்டு மூன்று வாரம் சராசரி அசையாமல் இருந்தால், எழுதிவைத்த சாப்பாடுதான் அவருடைய அளவு. அளவை மாற்றாமல் சோற்றைக் கொஞ்சம் குறைத்து முட்டை, கோழி, சுண்டல், தயிரைக் கூட்டுகிறார். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்ற கணக்கில் அவருக்கு நாளுக்கு 125 கிராம் வேண்டும். நம் இட்லி, சாம்பார் சாப்பாட்டில் தானாக இவ்வளவு வராது. வாரம் மூன்று நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங் என்று தூக்கி, ஒவ்வொரு செட்டையும் குறித்துவைக்கிறார்.

மூன்றாவது வாரம் சராசரி 78.7 என்று ஏறுகிறது. இங்கேதான் பலர் பயந்துபோய்ப் பட்டினி கிடக்கத் தொடங்குவது. பயிற்சி தொடங்கியதும் தசை கூடுதலாகச் சர்க்கரையைச் சேமிக்கும். அந்தச் சர்க்கரை ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைக்கும். ஏறியது பெரும்பாலும் அதுதான். அதேபோல, முதல் மாதத்தில் ஸ்குவாட் 40 கிலோவிலிருந்து 50க்குப் போனதையும் தசை வளர்ந்ததற்குச் சாட்சியாகக் கொள்ள முடியாது. இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க நரம்புகள் பழகிக்கொண்டதே அதில் பெரும்பங்கு.

ஆகவே தீர்ப்பைப் பன்னிரண்டாவது வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டும். அப்போது சராசரி 77.9, ஸ்குவாட் அதே எட்டு முறைக்கு 65 கிலோ, சுற்றளவு 94 செ.மீ. என்றால் சந்தேகமே வேண்டாம். மூன்றில் எனக்கு அதிக நம்பிக்கை டேப்பின் மீதுதான். ஆனால் அதையும் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும்: காலையில், அதே தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு, வயிற்றை உள்ளே இழுக்காமல். இப்படி அளந்தாலும் ஒரு செ.மீ. முன்னே பின்னே வரும் என்பதால், இரண்டு செ.மீ.க்கு மேல் குறைந்தால்தான் கணக்கில் சேர்க்கலாம். காலில் மின்சாரம் செலுத்திக் கொழுப்புச் சதவீதம் சொல்லும் மெஷினை இதற்கு நம்ப வேண்டாம். முந்தின நாள் உப்பும் தண்ணீரும் மாறினாலே அது வேறு எண் சொல்லும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கொழுப்பு ஒரு கிலோவில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் கிலோவுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். எனவே இரண்டு கிலோவுக்கு இரண்டு கிலோ மாறும்போது, எடை நிற்கிறதே தவிர, உடலின் கையிருப்பு 12,000 கலோரிக்கு மேல் குறைந்திருக்கும். பன்னிரண்டு வாரத்துக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய 150. எடை நிற்பதால் வரவும் செலவும் சமம் என்று அர்த்தமில்லை. உள்ளே சிறு பற்றாக்குறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பற்றாக்குறை இல்லாதபோதுதான் சிக்கல். எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, டேப்பும் ஏறினால் சாப்பாடு மிஞ்சுகிறது. பெரும்பாலும் எழுதாமல் விட்ட ஞாயிற்றுக்கிழமையில் காரணம் அகப்படும். எடை, டேப் இரண்டும் அசையாமல் நோட்டில் வெயிட்டும் ஏறவில்லை என்றால், முதலில் பயிற்சியையும் தூக்கத்தையும் புரதத்தையும் பார்க்க வேண்டும், சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது. வெயிட் ஏறியும் டேப் மட்டும் பன்னிரண்டு வாரமாக அசையவில்லை என்றால் நாளுக்கு 200 கலோரி குறைத்துப் பார்க்கலாம். தாளிக்கும் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டியும் மாலை டீயோடு போகும் பிஸ்கட்டுகளும் அவ்வளவுக்குப் போதும்.